கரிக்கல்லோடு களிமண் சேர்ந்த கதை

ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய கதை இது. ராகலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பென்சிலுக்குள் ஈயம் கிடையாது. இருப்பது கிரபைட். வைரத்தைப் போலவே அதுவும் கரிமம்தான். அதன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலகும். அப்படி உரிந்து தாளில் ஒட்டுவதைத்தான் நாம் எழுத்தாக வாசிக்கிறோம்.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் சுத்தமான கிரபைட் கட்டியாகவே கிடைத்தது. முதலில் ஆட்டுக்கு அடையாளம் போட அதை எடுத்தார்கள். பிறகு மெல்லிய குச்சிகளாக அறுத்து, நூல் சுற்றியும் மரத்துக்குள் பதித்தும் எழுதினார்கள். அறுக்கத் தோதான கட்டி வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. தூளைக் கந்தகத்தோடு சேர்த்துக் குச்சி செய்து பார்த்த ஜெர்மனிக்காரர்களுக்கு அந்தத் தரம் வரவில்லை.

பிரிட்டனோடு நடந்த போரால் பிரான்ஸுக்கு அந்தக் கிரபைட் வருவது நின்றபோது, நிக்கோலா ஜாக் கோன்டே 1795இல் வேறு வழி கண்டார். கிரபைட்டை நன்றாகத் தூளாக்கி, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்து அரைத்துக் குச்சியாக்கி, காயவைத்துச் சூளையில் சுட்டார். சுட்ட களிமண் தூளை இறுகப் பிடித்துக்கொண்டது. களிமண் கூடினால் குச்சி கடினமாகிக் கோடு மங்கலாக விழும். குறைந்தால் மெதுவாகிக் கறுப்பாக விழும். பென்சிலில் இருக்கும் எச் கடினத்தையும், பி கறுப்பையும் காட்டும். எச்பி இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

இன்றும் முறை அதேதான். பிசைந்த கலவையை இடியப்ப உரலில் மாவு பிழிவதுபோல அச்சின் வழியே பிழிந்து, காயவைத்து, ஏறக்குறைய 1,000 பாகை செல்சியஸில் சுட்டு, தாளில் வழுக்கி ஓடுவதற்காகச் சூடான மெழுகில் ஊறவைக்கிறார்கள். மெல்லிய பலகையில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, பசை தடவி, குச்சிகளை வைத்து, அதேபோல் பள்ளம் வெட்டிய இன்னொரு பலகையால் மூடுவார்கள். ஒட்டிய பிறகு தனித்தனிப் பென்சில்களாகச் சீவி எடுப்பார்கள். வர்ணம் பூசாத பென்சிலின் முனையை உற்றுப் பாருங்கள், இரண்டு பலகையும் சேர்ந்த கோடு தெரியும்.

நம் நாட்டிலும் கிரபைட் உண்டு. கேகாலை மாவட்டத்தின் போகல, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளுக்குள் நரம்புபோல ஓடும் மிகச் சுத்தமான கட்டி கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிப் போனதில் பெரும்பங்கு உலோகம் உருக்கும் மூசைகள் செய்யத்தான் பயன்பட்டது. அவ்வளவு சுத்தமான கட்டியையும் பென்சிலுக்கென்றால் தூளாக்கிக் களிமண் சேர்த்தே ஆகவேண்டும்.

கடையில் பென்சில் வாங்கும்போது பின்முனையைப் பாருங்கள். குச்சி நட்டநடுவில் இல்லையென்றால் கட்டரில் சீவும்போது ஒரு பக்கம் மரம் மூடியே நிற்கும். கீழே விழுந்த பென்சில் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே குச்சி முறிந்திருக்கலாம். சீவச் சீவக் கூர் கழன்று விழுந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். பென்சிலை மாற்றிக் கொடுங்கள்.