நிழலில் ஓடும் கோடு

வீடியோ கேமில் சாலையோரமாக நடக்கும்போது, சற்றுத் தள்ளித் தரையில் ஒரு கோட்டைத் தாண்டியதும் நிழல்கள் எல்லாம் சட்டென்று மங்கிப்போவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். நாம் நடக்க நடக்க அந்தக் கோடும் முன்னால் ஓடும். அசையாமல் இருந்தால் கண்ணில் படாது; ஓடுவதால்தான் மாட்டிக்கொள்கிறது.

சூரியனின் திசையிலிருந்து பார்த்து, ஒளி முதலில் எதன்மேல் விழுகிறது என்று பதிந்துவைக்கும் படம்தான் ஷேடோ மேப். அதற்கும் பின்னால் இருப்பவை நிழலில் இருக்கின்றன. பரந்த வெளிக்கு ஒரே படம் போதாது. ஆகவே கேமராவுக்கு முன்னுள்ள தூரத்தைச் சில துண்டுகளாக வெட்டித் துண்டுக்கு ஒரு படம் எடுக்கிறார்கள். இந்தத் துண்டுகளே காஸ்கேட்.

எங்கே வெட்டுவது? 1 மீட்டரிலிருந்து 256 மீட்டர் வரை நிழல் வேண்டும், நான்கு துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். சமமாக வெட்டினால் முதல் துண்டே 65 மீட்டர் நீளும். வழக்கமான அகலத்திரைப் பார்வையில் அதை மூட ஏறக்குறைய 150 மீட்டர் அகலப் படம் வேண்டும். 2048 புள்ளிப் படமானால் ஒரு புள்ளி 7 சென்டிமீட்டர்; காலடி நிழல் கட்டம் கட்டமாகத் தெரியும். மடக்கைக் கணக்குப்படி 4, 16, 64 என்று வெட்டலாம். கணக்கு அழகுதான், ஆனால் முதல் கோடு நம் மூக்குக்கு நேரே விழும். 2006இல் ஃபான் ஜாங்கும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் கலக்கும் சூத்திரத்தைத் தந்தார்கள். மடக்கைக்கு முக்கால் பங்கு கொடுத்தால் 19, 44, 96 மீட்டரில் வெட்டு விழும். புள்ளியின் அளவு துண்டுக்குத் துண்டு சுமார் 2, 5, 11, 29 சென்டிமீட்டர்.

19 மீட்டரில் 2 சென்டிமீட்டர் 5 ஆகிறது. நிழல் ஓரத்தை மூன்று புள்ளி அகலத்துக்கு மழுக்குவதாக இருந்தால், அந்த மழுக்கலும் 6 சென்டிமீட்டரிலிருந்து 15க்குத் தாவுகிறது. கண்ணுக்குத் தெரியும் கோடு பெரும்பாலும் இந்தத் தாவல்தான். மழுக்கலைப் புள்ளிக் கணக்கில் வைக்காமல் சென்டிமீட்டரில் வைத்தாலே பாதிக் கோடு மறையும். மீதிக்கு, துண்டின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் இரண்டு படங்களையும் படித்துச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். அடுத்த படம் அந்த இடத்தையும் மூடியிருக்க வேண்டும். இதை மறந்தால் கலக்கும் பட்டையில் நிழல் பொத்தலாகும். இரண்டு படங்களைப் படிப்பது செலவுதான், ஆனால் அந்தப் பட்டைக்குள் மட்டும்.

சோதிக்க அடர்ந்த காடு உதவாது. இலை நிழல் எல்லாவற்றையும் மூடிவிடும். வெறுந்தரையில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டு, சூரியனைத் தாழ்த்தி, அதன் நீள நிழல் 19 மீட்டர் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி விடுங்கள். துண்டுகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் பூசிக் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிறம் மாறும் இடத்தில் நிழல் ஓரம் தடித்தால் மழுக்கல் பொருந்தவில்லை. நிறம் மாறாத இடத்திலும் ஓரம் நெளிந்தால் கோளாறு வெட்டில் இல்லை. கேமரா நகரும்போது ஷேடோ மேப்பை முழுப் புள்ளி முழுப் புள்ளியாக நகர்த்தவில்லை என்று பொருள்.