4,800 ரூபாய் டிக்கெட் 7,700 ஆவது எப்படி? பட்ஜெட் விமானம் Vs ஃபுல் சர்வீஸ்: ஒரு நிஜக் கணக்கு

தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். 2023 அக்டோபரில் உடான் திட்டத்தில் அங்கே சேவை மீண்டும் தொடங்கியபோது இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும்தான் வந்தன. அதனால் டெல்லி, மும்பை என்று கிளம்பும் தர்மபுரிக்காரர்கள் பெரும்பாலும் ஓசூர் வழியாக பஸ் பிடித்து பெங்களூரு விமான நிலையத்துக்குத்தான் போகிறார்கள். பட்ஜெட்டா, ஃபுல் சர்வீஸா என்ற கேள்வியும் அங்கேதான் வருகிறது.

ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மிகக் குறைந்த தொகை. ஆனால் அது எதற்கான விலை என்று யாரும் பார்ப்பதில்லை. செக்-இன் பேக்கேஜ் இல்லாத பயணிக்குக் குறைந்த கட்டணம் தரலாம் என்று 2021 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அனுமதித்தது. அந்த வகையில்தான் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024-ல் ‘எக்ஸ்பிரஸ் லைட்’ கட்டணத்தைக் கொண்டு வந்தது. கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு இது நிஜமாகவே லாபம். ஆனால், நம்ம ஊர் அம்மாக்கள் ராகி மாவு, புளி, ஊறுகாய் பாட்டில் இல்லாமல் யாரையும் வழியனுப்புவதில்லையே! எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள். அது செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

வேலையில் சேர டெல்லி போகும் ஒரு தர்மபுரி இளைஞரை எடுத்துக்கொள்வோம். பெட்டி 18 கிலோ. கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். விலை நாளுக்கு நாள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பட்ஜெட் விமானத்தில் பேக்கேஜ் இல்லாத டிக்கெட் 4,800 ரூபாய். 15 கிலோவோடு சேர்த்து 5,500. ஃபுல் சர்வீஸில் 15 கிலோவும் சாப்பாடும் சேர்த்து 6,300. இப்போதைக்கு பட்ஜெட் 800 ரூபாய் மலிவு.

இனி ஜன்னல் சீட்டுக்கு 300, சாப்பாட்டுக்கு 400 சேர்த்தால் பட்ஜெட் 6,200 ஆகிறது. ஃபுல் சர்வீஸிலும் குறைந்த கட்டணத்தில் விரும்பிய சீட்டுக்குத் தனிக் காசு கேட்கலாம். அதையும் 300 என்று வைத்தால் 6,600. ஆக, 800 ரூபாய் வித்தியாசம் 400 ஆகச் சுருங்கிவிட்டது. இன்னும் பட்ஜெட்தான் மலிவு. வீட்டில் கட்டிக் கொடுத்த புளிசாதத்தோடு ஏறுகிறவருக்கு அந்த 800 அப்படியே மிச்சம்.

ஆனால் பெட்டி 18 கிலோ ஆச்சே? கூடுதல் 3 கிலோவுக்கு கவுன்டரில் கிலோவுக்கு 500 வீதம் 1,500. பட்ஜெட் 7,700-ஐத் தொட்டுவிடும். அதே நாளில் 25 கிலோ தரும் ஃபுல் சர்வீஸ் டிக்கெட் 7,100-க்குக் கிடைத்தால், சீட் 300 சேர்த்தாலும் 7,400-தான். இங்கே ஆட்டம் தலைகீழ்.

பழைய நினைப்பு வேண்டாம்

‘ஃபுல் சர்வீஸ்னா 25 கிலோ ஃப்ரீ’ என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2024 மே மாதம் ஏர் இந்தியா உள்நாட்டு எகானமியின் குறைந்த இரண்டு கட்டண வகைகளில் இலவசப் பேக்கேஜை 15 கிலோவாகக் குறைத்தது. 25 கிலோ கூடுதல் விலையுள்ள ஃப்ளெக்ஸ் வகைக்கு மட்டும். அதாவது குறைந்த விலை டிக்கெட்டில், பேக்கேஜ் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சமிருக்கும் பெரிய வித்தியாசம் சாப்பாடு. ஒப்பிடும் ஆப்புகள் எந்த வகையின் விலையைக் காட்டுகின்றன என்று பார்க்காமல் முடிவெடுத்தால் கவுன்டரில்தான் தெரியவரும்.

சீட் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெப் செக்-இன்னில் எல்லா சீட்டிலும் விலை ஒட்டியிருப்பதைப் பார்த்து, வாங்கியே ஆக வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். 2018 நவம்பரில் இண்டிகோ இப்படிச் செய்தபோது பெரிய சர்ச்சையானது; விமான நிலையத்தில் இலவச சீட் உண்டு என்று நிறுவனம் விளக்கம் தந்தது. தனியாகப் போகிறவர் சீட் வாங்காமலே பறக்கலாம், நடு சீட் கிடைத்தாலும் பரவாயில்லை என்றால். குழந்தையோடு போகிறவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் உள்ள பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்தில் சீட் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவிட்டது. தானாகவே டிக் அடித்து வைத்த சேவை எதையும் பயணி தலையில் கட்டக் கூடாது. அவரே தேர்ந்தெடுத்தால்தான் கட்டணம் என்பதும் விதிதான். பணம் கட்டும் முன் அந்த டிக்குகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. 15 கிலோவைத் தாண்டினால் கூடுதல் கிலோவை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கலாம். பொதுவாக கவுன்டர் விலையை விடக் குறைவு. அதை டிக்கெட் விலையோடு சேர்த்து, பேமென்ட் பக்கம் வரை போய் வரும் மொத்தத் தொகையை, 25 கிலோ தரும் டிக்கெட்டின் மொத்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். திரும்பி வரும் பயணத்துக்கு இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். ஊறுகாய் தீர்ந்து பெட்டி காலியாக வரும் அந்தப் பக்கம் பட்ஜெட்டே போதும்.