இரவு டம்ளர் பாலும் காலைத் தட்டும்

படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும், ராத்திரியில் தயிரைத் தொடக் கூடாது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் இந்த இரண்டு விதிகளோடு அண்மைக்காலமாக மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. புரதத்தை மூன்று வேளைக்கும் சமமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும், இரவில் மொத்தமாகச் சாப்பிட்டால் உடம்பு ஏற்காது என்கிறார்கள். மூன்றுமே அதிகம் பொருந்துவது 60 வயதைக் கடந்தவர்களுக்கு. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதும், தரையில் உட்கார்ந்தால் ஒரு கை ஊன்றாமல் எழ முடியாததும் தொடங்கும் வயது அது. பெரும்பாலும் மூட்டு வலி என்றே நினைக்கிறோம். தசை கரைவதும் அதில் பாதிக் காரணமாக இருக்கலாம்.

முதலில் இரவுப் பாலைப் பார்ப்போம். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். இரைப்பையின் அமிலம் பட்டதும் கேசின் திரண்டு கட்டியாகும். கட்டியானதால் மெதுவாகத்தான் கரையும். அதிலிருந்து அமினோ அமிலங்கள் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை எட்டு மணிக்கு டிபன் சாப்பிடுபவரின் தசைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. அந்த இடைவெளியில் மெதுவாகக் கரையும் புரதம் கிடைத்தால் நல்லதுதானே என்ற யோசனை அறிவியல் முறையில் சோதிக்கப்பட்டிருக்கிறது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், மாலையில் எடை தூக்கிப் பயிற்சி செய்த இளைஞர்களுக்குப் படுக்கும் முன் கேசின் கொடுத்தார்கள். இரவு முழுவதும் தசைப் புரதம் உருவாகும் வேகம் சுமார் 22 சதவீதம் கூடியது. 2017இல் அதே குழு வயதான ஆண்களிடம் சோதித்தபோதும் பலன் தெரிந்தது. ஆனால் இரண்டு சோதனைகளிலும் பலன் தந்த அளவு 40 கிராம் புரதம். முதியவர்களுக்கு 20 கிராம் கொடுத்தபோது தெளிவான பலன் கிடைக்கவில்லை.

நம் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது? 200 மில்லி பசும்பாலில் ஆறரை கிராம் புரதம்தான். 40 கிராமுக்கு ஒன்றேகால் லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். ஆகவே சோதனைச்சாலையில் கிடைத்த பலனை ஒரு டம்ளர் பாலிடம் எதிர்பார்க்க முடியாது. பால் குடித்தால் தூக்கம் வரும் என்பதற்கு அதிலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் காரணமாகச் சொல்வார்கள். தூக்கத்துக்கான ஆய்வுகளில் அதை ஒரு கிராம் அளவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் பாலில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். சூடான பால் குடித்தால் மனம் அமைதியாகிறது என்றால் தாராளமாகக் குடியுங்கள். அது பழக்கம் தரும் அமைதி.

அடுத்தது தயிர். புரதக் கணக்கில் பாலும் தயிரும் ஏறக்குறைய ஒன்றுதான். 100 கிராம் தயிரில் மூன்று கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. உறையும்போது பாலின் லாக்டோஸ் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது. அதனால் பால் குடித்தால் வயிறு உப்பி வாயு பிரிபவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ராத்திரித் தயிர் வேண்டாம் என்பது ஆயுர்வேத நூல்களிலும் இருக்கும் பழைய விதி. சளி பிடிக்கும் என்பதுதான் வீடுகளில் சொல்லப்படும் காரணம். பாலைப் பொறுத்தவரை இது சோதிக்கப்பட்டிருக்கிறது. 1990இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சளிக் கிருமி செலுத்தப்பட்ட தன்னார்வலர்கள் எவ்வளவு பால் குடித்தார்கள் என்பதற்கும் எவ்வளவு சளி வந்தது என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. தயிர் ஒத்துக்கொள்பவர் இரவு ஒரு கிண்ணம் சாப்பிட்டால் கெடுதல் வரும் என்று சொல்ல ஆதாரம் போதாது. சாப்பிட்டதும் நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வருபவர் தயிரானாலும் பாலானாலும் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இனி மூன்றாவது விதி. அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்து 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வே இதற்குப் பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு நாளைக்கு 90 கிராம் புரதத்தை வேளைக்கு 30 கிராமாகச் சாப்பிட்டபோது 24 மணி நேரத்தில் தசைப் புரதம் உருவாவது 25 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே 90 கிராமைக் காலையில் 10, மதியம் 15, இரவில் 65 என்று சாப்பிட்டபோது அது குறைந்தது. பங்கேற்றவர்கள் எட்டே பேர். பின்னர் முதியவர்களிடம் எட்டு வாரம் நடந்த ஒரு சோதனையில், மொத்தப் புரதம் போதிய அளவு இருந்தபோது, பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கும் இரவில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் தசை அளவில் வேறுபாடு தெரியவில்லை. ஒரே வேளையில் சாப்பிட்டால் வீண் என்பதும் சரியில்லை. 2023இல் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு ஒரே நேரத்தில் 100 கிராம் புரதம் கொடுத்தார்கள். உடம்பு அதை அரை நாளுக்கும் மேலாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. வேலை முடிந்து வந்து இரவில் மட்டும் நிறைவாகச் சாப்பிடும் இளைஞர், நாளின் மொத்த அளவு சரியாக இருந்தால், தசைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதியவர்களின் கணக்கு வேறு. வயதான தசை சிறிய அளவுப் புரதத்துக்கு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. ஒரு வேளையில் தசையை நன்றாகத் தூண்டுவதற்கு இளைஞருக்கு உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம் புரதம் போதும் என்றால், முதியவருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. நாள் முழுவதற்கும் சேர்த்து, நம் நாட்டில் பெரியவர்களுக்கான பொதுவான பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ஐரோப்பிய முதியோர் மருத்துவ வல்லுநர் குழு சொன்னது. இப்போது பலரும் இதைப் பின்பற்றுகிறார்கள்.

65 வயது, 55 கிலோ எடையுள்ள சைவ உணவு உண்ணும் ஓர் அம்மாவின் நாளை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாளைக்கு 55 முதல் 66 கிராம் வரை தேவை. ஒரு வேளைக்கு 22 கிராம் இருந்தால் தசை நன்றாக விழித்துக்கொள்ளும். காலைக் காப்பியில் 3 கிராம் கிடைக்கிறது. மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னியில் 8. மதியம் சாதம், ஒரு கப் சாம்பார், பொரியல், கொஞ்சம் மோர் எல்லாம் சேர்ந்து 13. மாலைக் காப்பி, பிஸ்கட்டில் 4. இரவு இரண்டு தோசையில் 7, படுக்கும் முன் பாலில் ஆறரை. மொத்தம் 41.5 கிராம்.

இந்த அம்மா புரதத்தைப் பிரித்துத்தான் சாப்பிடுகிறார். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், பாலும் குடிக்கிறார். ஆனால் மொத்தம் குறைவு. எந்த வேளையும் 22 கிராமின் பக்கத்தில்கூட வரவில்லை. பிரித்துச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரை, இரவில் பெரிய இறைச்சித் துண்டு சாப்பிடும் நாடுகளில் பிறந்தது. நம் சைவச் சமையலில் இருப்பதையே மேலும் பிரித்தால், எல்லா வேளையும் மெலிந்துதான் போகும். பிரான்சில் 1999இல் வெளியான ஆய்வில் வயதான பெண்களுக்கு அன்றைய புரதத்தில் 80 சதவீதத்தை மதியமே கொடுத்தபோது, பிரித்துக் கொடுத்ததைவிட உடம்பில் புரதம் நன்றாகத் தங்கியது. முதியவருக்கு ஏதாவது ஒரு வேளையாவது நிறைவாக இருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

அதனால் மொத்தத்தைக் கூட்டி, கூட்டுவதை இரண்டு வேளையில் குவிக்க வேண்டும். மிகவும் மெலிந்திருப்பது காலை வேளை. மூன்று இட்லிக்குப் பதில் 50 கிராம் பருப்புக் கலவையும் 40 கிராம் அரிசியும் அரைத்த இரண்டு அடை சாப்பிட்டால் 14 கிராம் கிடைக்கும். கூடவே ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம், கெட்டித் தயிர் சேர்ந்தால் 19. மதியம் சாதத்தை ஒரு கப்பாகக் குறைத்து, 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டலாகச் சேர்த்து, நீர் மோருக்குப் பதில் தயிர் ஊற்றினால் 22 வந்துவிடும். காப்பிகள், இரவுத் தோசை, டம்ளர் பால் அப்படியே இருக்கட்டும். பிஸ்கட்டை மட்டும் விட்டுவிடலாம். மொத்தம் 60 கிராமைத் தொடுகிறது. முட்டை சாப்பிடுபவருக்கு இன்னும் எளிது. காலை இட்லியோடு இரண்டு அவித்த முட்டை போதும், அதிலேயே 12 கிராம் கிடைக்கும். அரிசியும் பருப்பும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்புவதால், அடை போன்ற கலப்புப் பண்டத்தின் புரதம் தரமானதும்கூட.

சில இடங்களில் கவனம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை இரவுப் பாலோடு விழுங்குபவர்கள் உண்டு. பாலின் சுண்ணாம்புச் சத்து இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் பாலுக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் இரவுப் பாலில் சர்க்கரையோ சத்து மாவோ கலக்கக் கூடாது. பல் தேய்த்த பின் இனிப்புப் பால் குடித்துவிட்டுப் படுப்பது பல்லைக் கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. பசி குறைந்த முதியவர் இரவு உணவை விட்டுவிட்டுப் பாலோடு படுத்தால், அன்றைய கணக்கில் இன்னும் ஒரு பள்ளம் விழும்.

தசை குறைகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசியத் தசைத் தேய்வு வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டில் புரதத்தைக் கூட்டுங்கள். அதே நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். வேலை கொடுக்காத தசை புரதத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது.

இரவு டம்ளர் பால் பிடித்திருந்தால் தொடருங்கள், தயிர் ஒத்துக்கொண்டால் எந்த நேரத்திலும் சாப்பிடுங்கள். ஆனால் வீட்டில் 60 வயதைக் கடந்தவர் இருந்தால், நாளைக் காலை அவர் தட்டில் இட்லி சட்னியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஒரு கிண்ணம் தயிரோ பருப்போ முட்டையோ அங்கே சேர வேண்டும்.