சாப்பாட்டு பில்லில் தள்ளுபடி எந்த வரியில் கழிகிறது?

செயலி வழியாக வீட்டுக்கு வரும் சாப்பாட்டின் பில் பார்வைக்கு ஒரே பில். ஆனால் அதில் இரண்டு விற்பனைகள் இருக்கின்றன. உணவையும் அதைக் கட்டிக் கொடுக்கும் டப்பாவையும் விற்பது ஓட்டல். கொண்டுவந்து சேர்ப்பதற்கும் செயலியைப் பயன்படுத்துவதற்கும் தனியாகக் கட்டணம் உண்டு. இரண்டுக்கும் வரி விகிதம் வேறு. ஓட்டல் தரும் தள்ளுபடி முதல் விற்பனையில் மட்டும்தான் கழியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பில்லின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு மாதிரி பில்லைப் பார்க்கலாம். சிக்கன் பிரியாணி 240 ரூபாய், சிக்கன் 65 180 ரூபாய். உணவின் விலை 420 ரூபாய். ஓட்டல் அறிவித்த தள்ளுபடி 20 சதவீதம், அதிகபட்சம் 80 ரூபாய். 420இல் 20 சதவீதம் 84 ரூபாய் வரும். உச்சவரம்பு இருப்பதால் 80தான் கிடைக்கும். கொட்டை எழுத்தில் தெரிவது சதவீதம். உண்மையில் மிச்சமாகும் தொகையை முடிவு செய்வது பெரும்பாலும் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் உச்சவரம்பு. தள்ளுபடி போக உணவு 340 ரூபாய்.

இதனுடன் பேக்கிங் கட்டணம் 20 ரூபாய் சேர்கிறது. இது ஓட்டலுக்குப் போகும் பணம். தள்ளுபடி பொதுவாக இதைத் தொடுவதில்லை. ஆனால் வரி தொடும். உணவோடு சேர்ந்தே வரும் பொருள் என்பதால் உணவுக்குரிய 5 சதவீத ஜிஎஸ்டி இதற்கும் உண்டு. ஆக 360 ரூபாய்க்கு வரி 18 ரூபாய். மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று அது பிரிந்து நிற்கும்.

இந்த வரியை 2022 ஜனவரி 1 முதல் ஓட்டல் அல்ல, செயலி நிறுவனமே அரசுக்குச் செலுத்த வேண்டும். ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாத சிறிய கடைக்கும் இது பொருந்தும். கடையில் போய் வாங்கினால் வரியில்லாமல் கிடைக்கும் பரோட்டாவுக்குச் செயலியில் 5 சதவீதம் வரி விழுவது இதனால்தான். அது கடைக்காரர் கூட்டி வைத்த தொகை அல்ல.

அடுத்தது டெலிவரி கட்டணம் 40 ரூபாய், பிளாட்ஃபார்ம் கட்டணம் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது தூரம், மழை, நெரிசல் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். இரண்டாவது ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று செயலி நிறுவனம் வாங்கிக்கொள்வது. உணவு 100 ரூபாயானாலும் 1,000 ரூபாயானாலும் ஒன்றுதான். சிறிய ஆர்டரில் அது உறுத்துவதற்குக் காரணம் இதுவே. சந்தா கட்டி ‘இலவச டெலிவரி’ பெற்றவருக்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம் பெரும்பாலும் நீங்குவதில்லை. இவை இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்: 52 ரூபாய்க்கு 9 ரூபாய் 36 காசு.

மொத்தம் 439 ரூபாய் 36 காசு. 80 ரூபாய் தள்ளுபடி கிடைத்த பிறகும், மெனுவில் போட்டிருந்த 420ஐவிட 19 ரூபாய் 36 காசு கூடுதல். காரணம், உணவின் விலைக்கு மேல் சேர்ந்தவை மட்டும் 99 ரூபாய் 36 காசு. இரண்டு செயலிகளை ஒப்பிடும்போது தள்ளுபடிகளை ஒப்பிட்டுப் பயனில்லை. கடைசித் தொகைகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

வரி சரியா என்று பார்ப்பது எளிது. ‘வரியும் கட்டணங்களும்’ என்று ஒரே தொகையாகக் காட்டும் இடத்தைத் தொட்டால் பெரும்பாலும் பிரிவுகள் விரியும். அங்கே உணவுக்கான வரி 18 ரூபாய்க்குப் பதில் 22 ரூபாய் என்று இருந்தால், தள்ளுபடியைக் கழிக்காமல் 440 ரூபாய்க்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஓட்டல் பில்லிலேயே கழித்துக் கொடுத்த தள்ளுபடிக்கு வரி வரக்கூடாது. வங்கி அட்டைச் சலுகை அப்படியல்ல. அது பணம் செலுத்தும் கட்டத்தில் கிடைப்பது, உணவின் விலையைக் குறைப்பதில்லை. அதனால் வரியும் குறையாது.

டிப்ஸ், நன்கொடை ஆகிய வரிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாடிக்கையாளர் கேட்காமலே நன்கொடையைக் கூடையில் சேர்ப்பது, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறைகளின்படி தடை செய்யப்பட்ட செயல்.

இந்தப் பில்லில் சிக்கன் 65 வராமல் போனால் எவ்வளவு திரும்ப வரவேண்டும்? மெனு விலையான 180 அல்ல. 80 ரூபாய் தள்ளுபடியில் அதன் பங்கு விகிதப்படி 34 ரூபாய் 29 காசு. அதைக் கழித்தால் 145 ரூபாய் 71 காசு. அதற்குரிய வரி 7 ரூபாய் 29 காசு. இரண்டும் சேர்ந்து 153 ரூபாய். வரியை விட்டுவிட்டு 145 ரூபாய் மட்டும் திரும்பினால், மீதியைக் கேட்டு வாங்க வாடிக்கையாளருக்குக் காரணம் உண்டு.