எந்தச் சரக்கை அடிக்கடி எண்ணுவது?

கடையில் உள்ள எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி எண்ண வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் எந்தப் பொருள் வழியாக அதிகப் பணம் ஓடுகிறதோ, அதை அடிக்கடி எண்ண வேண்டும். ஏபிசி பகுப்பாய்வு எனப்படும் முறையின் அடிப்படை இதுதான். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி 1951-இல் ஒரு கட்டுரை எழுதி இதைப் பரவலாக்கினார்.

கணக்கு எளிது. ஆண்டில் விற்ற எண்ணிக்கையை அடக்க விலையால் பெருக்கினால் அந்தப் பொருளின் ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பு கிடைக்கும். விற்பனை விலையைப் போட்டால் லாபம் கலந்துவிடும்; அலமாரியில் இன்று இருக்கும் இருப்பைப் போட்டால், விற்காமல் தேங்கிய சரக்கு முதலிடத்துக்கு வந்துவிடும்.

ஒரு மின்பொருள் கடையின் ஏழு பொருள்களை உதாரணமாகக் கொள்ளலாம். வயர் காயில் 220, ஒன்று 1,500 ரூபாய்: மதிப்பு 3,30,000. சீலிங் ஃபேன் 60, ஒன்று 1,800 ரூபாய்: 1,08,000. எல்இடி பல்பு 63,000, சுவிட்சு 45,000. தண்ணீர் மோட்டார் இரண்டு, ஒன்று 9,000 ரூபாய்: 18,000. இன்சுலேஷன் டேப் 2,000 உருளை, ஒன்று 8 ரூபாய்: 16,000. திருகாணிப் பெட்டி 8,000. மொத்தம் 5,88,000 ரூபாய். இதில் வயரும் ஃபேனும் மட்டுமே ஏறக்குறைய முக்கால் பங்கு. அவை ஏ. பல்பும் சுவிட்சும் பி; இவையும் சேர்ந்தால் 93 விழுக்காடு. மற்றவை சி. கடையிலேயே விலை உயர்ந்த மோட்டாரும், கை ஓயாமல் விற்கும் டேப்பும் ஒரே சி வகுப்பில் விழுவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விலை மட்டுமோ வேகம் மட்டுமோ வகுப்பைத் தீர்மானிப்பதில்லை.

ஏ வகையை மாதம் ஒருமுறை, பி வகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சி வகையை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணலாம். 500 பொருள் உள்ள கடையில் ஏ 75, பி 125, சி 300 என்று வைத்தால், ஆண்டுக்கு 1,700 எண்ணிக்கை. அதாவது வேலைநாளுக்கு ஆறு பொருள்கூட இல்லை. காலையில் வியாபாரம் தொடங்குமுன் முடித்துவிடலாம்.

எண்ணும்போது வித்தியாசம் வந்தால் உடனே ஏட்டைத் திருத்திவிடக் கூடாது. முதலில் காரணத்தைத் தேட வேண்டும். வயரில் அது பெரும்பாலும் பிரித்த காயிலில் இருக்கும். பத்து மீட்டர், இருபது மீட்டர் என வெட்டி விற்ற பின்னும் ஏட்டில் அது முழுக் காயிலாகவே நிற்கும். பிரித்த காயிலை மீட்டரில் அளந்து தனி வரியில் எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. புதிதாக வந்த பொருளுக்கு ஓராண்டுக் கணக்கே இருக்காது. ஒன்று காணாமல் போனாலே 9,000 ரூபாய் நட்டம் தரும் மோட்டாரை, வகுப்பு சி ஆனாலும் மாதந்தோறும் பார்த்துவிடுவதே நல்லது. செம்பு விலை ஏறினால் வயரின் மதிப்பும் மாறும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும்.