சியாச்சின்: காற்று மெலிந்த போர்முனை

காரகோரம் மலைத்தொடரில் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது சியாச்சின் பனியாறு. அதன் மேற்கே உள்ள சால்டோரோ முகட்டில் 1984 ஏப்ரலில் இந்தியப் படை நிலைகொண்டது. அன்று முதல் அங்கே எதிரியின் குண்டுகளைவிட உயரமும் குளிருமே அதிக வீரர்களின் உயிரைப் பறித்திருக்கின்றன.

முதல் காரணம் காற்று. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. உடல் இதற்கு ஈடுகொடுக்க நாள்கள் தேவை. அதனால் வீரர்களை மூன்று கட்டமாக மேலேற்றுகிறார்கள். 2,700 மீட்டருக்கு மேல் ஆறு நாள், 3,600 மீட்டருக்கு மேல் நான்கு நாள், 4,500 மீட்டருக்கு மேல் நான்கு நாள். முதல் இரு நாள் ஓய்வு மட்டுமே. பிறகு நடை, சுமை, ஏற்றம் எனப் படிப்படியாகக் கூடும்.

அவசரப்பட்டு ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் அதன் அடையாளங்கள். மூளை வீங்கினால் தலைவலியோடு நடை தள்ளாடும், பேச்சு குழறும். இரண்டுக்கும் உறுதியான மருந்து உடனே கீழே இறக்குவதுதான். வானிலை அதற்கு இடம்தராவிட்டால், நோயாளியைக் காற்றுப்புகாத பை ஒன்றுக்குள் படுக்கவைத்துக் காற்றை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். தாழ்வான இடத்துக்கு இறங்கியதற்குச் சமமான நிலை அதற்குள் உண்டாகும்.

குளிர் சில முகாம்களில் மைனஸ் 50 டிகிரிவரை போகும். அங்கே ஒரே தடித்த கோட்டு உதவாது. ஏறும்போது சுரக்கும் வியர்வை உள்ளேயே தங்கினால், நின்றதும் உறைந்துவிடும். எனவே வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, வெப்பம் காக்கும் நடு அடுக்கு, காற்றைத் தடுக்கும் மேலுறை என அடுக்கடுக்காக அணிகிறார்கள். வெறும் விரல் துப்பாக்கியின் உலோகத்தில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோல் உரியும். விரல் வெளுத்து மரத்துப்போனால் சதை உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கவனிக்காமல் விட்டால் விரலையே வெட்ட நேரிடும்.

மெலிந்த காற்று ஹெலிகாப்டரையும் விடுவதில்லை. அதன் சுழல் இறக்கைக்குப் பிடிமானம் குறைவதால், உச்சி முகாம்களுக்குச் சீட்டா ஹெலிகாப்டர் ஒருமுறைக்குச் சிறு சுமையையே கொண்டுபோக முடிகிறது. சமைக்க, குளிர்காய, பனியை உருக்கிக் குடிநீராக்க மண்ணெண்ணெய்தான் ஆதாரம். பனிப்புயலில் பறக்க முடியாத நாள்கள் தொடரும் என்பதால் அதை முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும்.

2016 பிப்ரவரி 3 அன்று, ஏறக்குறைய 6,000 மீட்டர் உயரத்திலுள்ள சோனம் முகாமைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தனர். பாறைபோல் இறுகிய பனியை வெட்டும் கருவிகளும் மோப்ப நாய்களும் கொண்டு தேடியதில், ஆறு நாளுக்குப் பின் ஒருவர் உயிரோடு கிடைத்தார். அவரும் 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். சமவெளியிலிருந்து எத்தனை பேர் விரைந்து வந்தாலும், உயரத்துக்குப் பழகாத உடலால் அங்கே தோண்ட முடியாது. அதனால் மீட்புக்கான ஆட்களும் நாய்களும் கருவிகளும் விபத்துக்கு முன்பே பனியாற்றில் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.