வீடு மாற்றம்: அறைவாரியாக ஓர் ஆறு வாரப் பட்டியல்

வீடு மாற்றுவதற்கான பட்டியலைப் பெரும்பாலோர் நினைவுக்கு வந்த வரிசையிலேயே எழுதுகிறார்கள். அதில் கேஸ் இணைப்புக்குக் கீழே சாமி படம் இருக்கும், அதற்குக் கீழே பள்ளிச் சான்றிதழ். எதை இன்றே தொடங்க வேண்டும், எது கடைசி நாள் வரை காத்திருக்கலாம் என்பது அதைப் பார்த்தால் விளங்காது. கட்டம் போட்ட ஒரு பெரிய தாளில் எழுதினால் விளங்கும். தாளின் தலைப்பில் அறைகளின் பெயர்கள், பக்கவாட்டில் மீதமுள்ள வாரங்கள். அறைகளுக்கு அடுத்து 'வெளி வேலை' என்று கூடுதலாக ஒரு கட்ட வரிசை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்றே வகை வேலைதான் வரும்: ஆள் சொல்லி வைப்பது, பொருளைக் கட்டுவது, சேவையை நிறுத்துவது.

இந்த மூன்றும் ஒரே கணக்கில் நடப்பவை அல்ல. ஆள் சொல்லி வைக்க வேண்டிய வாரம், அவர்களுக்கு எப்போது வேலை நெருக்கும் என்பதைப் பொறுத்தது. கட்டும் வாரம், அந்தப் பொருள் கடைசியாக எப்போது தேவைப்படும் என்பதைப் பொறுத்தது. நிறுத்தும் வாரத்தை, எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

சென்னையில் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டிலிருந்து கோவைக்கு மே மாதக் கடைசியில் போகும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவர்களின் ஆறாவது வாரக் கட்டங்களில் அறைகள் ஏறக்குறையக் காலியாக இருக்கும். வெளி வேலை வரிசை மட்டும் நிரம்பியிருக்கும். வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். எத்தனை நாள் என்பது வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்தால்தான் அட்வான்ஸ் திரும்பும்போது தேதிச் சண்டை வராது. பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழுக்கும் இதே வாரத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. விடுமுறையில் பள்ளி அலுவலகம் எந்த நாளில் திறந்திருக்கும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வண்டியையும் ஆறாவது வாரத்திலேயே பேசிவிட வேண்டும். பள்ளி விடுமுறையில்தான் ஊரே வீடு மாற்றுகிறது. அதிலும் மாதக் கடைசியும் வார இறுதியும் சேர்ந்த நாளில் வண்டி கிடைப்பது அரிது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் குடிபோவதில்லை என்பதால் ஆவணி, தை பிறந்ததும் இதே நெருக்கடி வரும். போனில் சொல்லும் விலையை நம்பக் கூடாது. ஆளை வீட்டுக்கு வரவழைத்து, பரண் உட்பட எல்லாவற்றையும் காட்டி, எழுத்தில் விலை வாங்க வேண்டும். இரண்டு வீட்டிலும் எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, வாசல் வரை லாரி வருமா, வேறு குடும்பத்தின் சாமானும் அதே லாரியில் ஏறுமா என்ற நான்கும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். சாமான் ஏறிய பிறகு கூடுதல் பணம் கேட்கும் தகராறு பெரும்பாலும் இவற்றை எழுதாமல் விட்டதிலிருந்தே கிளம்புகிறது.

ஐந்தாவது வாரத்தில் கட்டுதல் தொடங்கும். பரண், கட்டிலுக்கடியில் உள்ள பெட்டிகள், புத்தக அலமாரி ஆகியவற்றில் ஒன்றரை மாதத்துக்குள் யாரும் கை வைக்கப் போவதில்லை. புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில்தான் அடுக்க வேண்டும். பெரிய பெட்டியைத் தூக்கினால் அடிப்பக்கம் பிய்ந்துவிடும். இந்த இடத்தில் காப்பீட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டார் தாங்களே கட்டிய பெட்டிக்குள் ஏதேனும் உடைந்தால் மூவர்ஸ் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை. அதனால் துணி, புத்தகம், பாத்திரத்தை வீட்டார் கட்டலாம். டிவி, கண்ணாடி, பீங்கானை அவர்களிடமே விட்டுவிடலாம்.

பெட்டியின் மேல்புறத்தில் பெயர் எழுதினால், அடுக்கியதும் மறைந்துவிடும். இரு பக்கவாட்டிலும் எழுத வேண்டும், அதுவும் புது வீட்டில் அது போய்ச் சேர வேண்டிய அறையின் பெயரை. 'சமையல் 4' என்று எண்ணும் போட்டு, நோட்டில் அதற்கு நேரே உள்ளே இருப்பதைக் குறித்தால் போதும்.

நான்காவது வாரத்தில் ஏசி மெக்கானிக்கைச் சொல்லி வைக்க வேண்டும். கோடையில் அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. கழற்றும்முன் கேஸை வெளி யூனிட்டுக்குள் இறக்கி வால்வை மூடச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யாமல் குழாயைக் கழற்றினால் கேஸ் வெளியேறிவிடும்; புது வீட்டில் முழுதாக நிரப்பும் செலவு வரும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது டிரம்மைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி பூட்ட வேண்டும். பலர் வீட்டில் அவை எங்கே என்றே தெரியாது, தேட ஒரு மாதம் இருப்பது நல்லதுதான்.

சமையலறை தனி உலகம். அங்கே முதல் வேலை கட்டுவதல்ல, வாங்குவதை நிறுத்துவது. நான்காவது வாரத்திலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெயை இருப்பு தீரும் அளவுக்கே வாங்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் பெரிய விருந்துப் பாத்திரங்களைக் கட்டலாம். கடைசி வாரத்தில் கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துத் துணி சுற்ற வேண்டும். டிரம்முக்குள்ளேயே விட்டால் வழியில் ஆடி இரண்டையும் கெடுக்கும்.

சமையலறையின் முடிவு நாளைத் தீர்மானிப்பது உண்மையில் வெளி வேலை வரிசையில் இருக்கும் ஒரு வேலை. வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்பை முடித்ததற்கான சான்றும் வைப்புத்தொகையும் வாங்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டித்தான் கோவையில் மறுபடி இணைப்பு எடுக்க முடியும். சிலிண்டரை வீட்டுச் சாமானோடு லாரியில் ஏற்றக் கூடாது. சனிக்கிழமை வண்டி என்றால் வியாழனன்று ஒப்படைப்பது தோது. அன்று மாலையிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு பால் சட்டி, நான்கு தட்டுதான் சமையலறை. மற்றதெல்லாம் வியாழனுக்குள் பெட்டிக்குள் போய்விட வேண்டும். இதைத் தாளில் அம்புக்குறி போட்டு இணைத்து வைக்காதவர்கள் பாதி சமைத்த நாளில் அடுப்பை இழப்பார்கள்.

மற்ற நிறுத்தங்கள் இரண்டாவது வாரத்தைச் சேர்ந்தவை. பிராட்பேண்டை நிறுத்தினால் போதாது. ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பால், பேப்பர், தண்ணீர் கேன்காரர்களுக்கு வெள்ளியோடு முடிகிறது என்று சொல்லிக் கேன் டெபாசிட்டையும் கேட்டுவிட வேண்டும். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், காலி செய்யும் நாளின் மீட்டர் அளவைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினால் பாதி மாதக் கணக்கு தெளிவாகும்.

கடைசி வாரத்தில் படுக்கையறைக் கட்டங்கள் முடியும். கட்டிலின் நட்டு போல்ட்டுகளைக் கவரில் போட்டு அதே கட்டில் சட்டத்தில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பீரோவைக் காலி செய்து நகையும் பத்திரமும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும்; அவை எந்தப் பெட்டியிலும் சேராதவை. வெள்ளிக்கிழமை காலையில் பிரிட்ஜை அணைத்து ஐஸ் உருகித் தண்ணீர் வடிய விட வேண்டும். அது நின்ற நிலையிலேயே பயணப்பட வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். புது வீட்டில் சில மணி நேரம் நிற்க விட்டே ஆன் செய்ய வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் நிமிர்ந்த நிலைதான், அமிலம் சிந்தக் கூடாது.

பூஜை அறை கடைசியாகக் கட்டப்பட்டு முதலில் பிரிக்கப்படுவது. குத்துவிளக்கை எண்ணெய் துடைத்துப் பகுதி பகுதியாகக் கழற்றி, பால் காய்ச்சும் பாத்திரம், சர்க்கரை, தீப்பெட்டி, மாத்திரைகள், சார்ஜர், ஒரு செட் துணி ஆகியவற்றோடு ஒரே பையில் வைத்துக் குடும்பத்தோடு கொண்டுபோக வேண்டும்.

கோவையில் லாரி வந்ததும் அறைக் கதவுகளில் பெயர்ச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தால் சுமப்பவர்கள் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒருவர் வாசலிலேயே நோட்டோடு நின்று எண்களைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எல்லா எண்ணும் கழிந்து, டிவி போன்றவற்றைப் பிரித்துப் பார்த்த பிறகே டெலிவரித் தாளில் கையெழுத்து. கீறலோ குறைவோ இருந்தால் அதே தாளில் எழுதிப் படமும் எடுக்க வேண்டும். கையெழுத்துக்குப் பின் கேட்கும் இழப்பீட்டுக்கு ஆதாரம் இருக்காது.